விற்பனை கணக்கில், பணம் காத்திருப்பில்: புதிய இணைய வணிகர்கள் அறிய வேண்டிய 'ரிசர்வ்' பிடித்தம்

முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, மசாலாத் தூள், சேலை, மாலை என்று வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விற்பவர்கள் இன்று தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றவரை பணம் நேராக வங்கிக் கணக்கில் விழுந்தது. சொந்தமாக ஒரு வலைத்தளம் திறந்து, கடன்பற்று அட்டையிலும் பணம் செலுத்தலாம் என்று வசதி செய்த பிறகுதான் பலருக்குப் புதிய குழப்பம் தொடங்குகிறது. விற்பனை நடக்கிறது. திரையில் தொகையும் தெரிகிறது. ஆனால் வங்கியில் பணம் வரவில்லை. வந்தாலும் முழுதாக வரவில்லை.

பணம் யாராலும் திருடப்படவில்லை. வாடிக்கையாளரிடம் பணம் வாங்கி நமக்கு அனுப்பும் கட்டணச் சேவை நிறுவனம், அதாவது பேமெண்ட் கேட்வே, புதிய வணிகர்களின் பணத்தைக் கொஞ்ச காலம் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. நாம் கையெழுத்திட்ட, அல்லது இணையத்தில் 'சம்மதம்' என்று தட்டிய ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருக்கும். இது நஷ்டம் அல்ல. ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காமல் பெருநாள் கால ஆர்டரை வாங்கினால், லாபம் தரும் வியாபாரம்கூட நடுவழியில் மாவு வாங்கப் பணமின்றி நின்றுவிடும்.

மூன்று விதமான காத்திருப்பு

முதலாவது, பணம் வந்து சேர ஆகும் நாள். வாடிக்கையாளர் இன்று கட்டிய பணம், சில நாள் கழித்தே நம் வங்கிக்கு அனுப்பப்படும். புதிய கணக்கிற்கு இந்த இடைவெளி இன்னும் கூடுதலாக இருக்கும். ஸ்ட்ரைப் நிறுவனத்தில், முதல் விற்பனை நடந்து 7 முதல் 14 நாள் கழித்தே பொதுவாக முதல் தொகை அனுப்பப்படுகிறது. பேபால் நிறுவனம் புதிய விற்பனையாளரின் பணத்தை 21 நாள் வரை நிறுத்தி வைக்கலாம்.

இரண்டாவதுதான் 'ரோலிங் ரிசர்வ்' எனப்படும் சுழல் பிடித்தம். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கை, உதாரணமாக நூற்றுக்கு 10 ரிங்கிட்டை, நிறுவனம் எடுத்து வைத்துக்கொள்ளும். அதைக் குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் 90 நாள் அல்லது 180 நாள் கழித்துத் திருப்பித் தரும். ஆகஸ்ட் 1ஆம் தேதி விற்பனையில் பிடித்தது 90 நாள் கழித்து அக்டோபர் 30ஆம் தேதி திரும்பும். ஆகஸ்ட் 2ஆம் தேதி பிடித்தது அக்டோபர் 31ஆம் தேதி திரும்பும். ஒரு பக்கம் புதிய பிடித்தம் சேர்ந்துகொண்டே இருக்க, மறுபக்கம் பழைய பிடித்தம் விடுபட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதற்குச் 'சுழல்' என்று பெயர்.

மூன்றாவது, கணக்கையே நிறுத்தி வைப்பது. விற்பனை திடீரென்று ஏறினாலோ, புகார் வந்தாலோ, ஆவணத்தில் பெயர் பொருந்தாவிட்டாலோ, விசாரணை முடியும் வரை எந்தப் பணமும் வெளியே போகாது. முதல் இரண்டும் முன்கூட்டியே தெரிந்த விதிகள். மூன்றாவது திடீரென்று வருவது.

உங்கள் பணம் இந்த மூன்றில் எதில் மாட்டியிருக்கிறது என்பதைக் கணக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் சற்று வேறு சொற்களைப் பயன்படுத்தும். ஆனால் பொதுவாக `Pending` என்று இருந்தால் அனுப்பும் நாள் இன்னும் வரவில்லை என்று பொருள். `Reserve` என்று இருந்தால் அது பிடித்தம். `On hold` என்றோ, பணம் அனுப்புதல் `Paused` என்றோ இருந்தால் உடனே மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். அநேகமாக ஏதோ ஓர் ஆவணம் கேட்டு நிறுவனம் எழுதியிருக்கும்.

ஏன் பிடிக்கிறார்கள்?

வீடு வாடகைக்கு எடுக்கும்போது வீட்டுக்காரர் டெபாசிட் கேட்கிறார். நம்மைத் திருடன் என்று நினைத்து அல்ல. வாடகை கட்டாமல் போனாலோ, கதவை உடைத்துவிட்டுப் போனாலோ ஈடுகட்ட ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தான். கட்டணச் சேவை நிறுவனம் செய்வதும் அதுதான்.

கடன்பற்று அட்டையில் பணம் கட்டியவர், 'பொருள் வரவில்லை' என்றோ 'நான் வாங்கவே இல்லை' என்றோ தம் வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதைச் சார்ஜ்பேக் என்பார்கள். வீசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. பொருள் வரவில்லை என்ற புகாருக்கு, பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்துகூட அந்தக் காலம் எண்ணப்படலாம். புகார் நியாயமானால் பணத்தை வணிகர் திருப்பித் தரவேண்டும். வணிகர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால், அந்தப் பணத்தைக் கட்டணச் சேவை நிறுவனமே கட்டவேண்டும்.

ஆகவே நிறுவனத்தின் பார்வையில், இன்று நமக்கு முழுப் பணத்தையும் அனுப்புவது என்பது சுமார் நான்கு மாதத்திற்கு நமக்கு ஜாமீன் நிற்பதற்குச் சமம். பழைய வணிகருக்கு அப்படி ஜாமீன் நிற்க அவர்களுக்குத் தயக்கம் இல்லை. நம்மைப் பற்றி அவர்களிடம் எந்த வரலாறும் இல்லாதபோது பிடித்தம் போடுகிறார்கள். பிடித்தக் காலம் 90 அல்லது 180 நாள் என்று நீளமாக இருப்பதற்கும் இந்தப் புகார் காலமே காரணம்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். பணம் வாங்கும் நாளுக்கும் பொருள் போய்ச் சேரும் நாளுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவ்வளவு பயம் அவர்களுக்கு. செப்டம்பரில் பணம் வாங்கி, தீபாவளிக்கு முந்திய வாரம் பலகாரம் அனுப்பும் முன்பதிவு வியாபாரம் அவர்கள் கண்ணுக்கு மிக ஆபத்தானது. பணம் கட்டிய மறுநாளே பெட்டியைக் கூரியரில் போடுபவர் அவ்வளவு ஆபத்தானவர் அல்ல.

நூறு ரிங்கிட் எங்கே போகிறது?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் பலகாரம் செய்து வலைத்தளத்தில் விற்கும் ஒரு சகோதரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கட்டணச் சேவை நிறுவனம் நூற்றுக்கு 3 ரிங்கிட் சேவைக் கட்டணம் எடுக்கிறது. நூற்றுக்கு 10 ரிங்கிட்டை 90 நாள் பிடித்து வைக்கிறது. மிச்சத்தை ஒரு வாரம் கழித்து அனுப்புகிறது.

அவர் 100 ரிங்கிட்டுக்குப் பலகாரம் விற்றால், மாவு, எண்ணெய், நெய், கேஸ் எல்லாம் சேர்த்து 45 ரிங்கிட் செலவு. டப்பாவும் அட்டைப் பெட்டியும் 10 ரிங்கிட். கூரியர் 12 ரிங்கிட். உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம் 15 ரிங்கிட். ஆக மொத்தச் செலவு 82 ரிங்கிட். சேவைக் கட்டணம் 3 ரிங்கிட் போக, லாபம் 15 ரிங்கிட். நல்ல வியாபாரம்தான்.

ஆனால் கைக்கு வருவது எவ்வளவு? நூறில் கட்டணம் 3, பிடித்தம் 10 போக 87 ரிங்கிட் மட்டுமே வங்கிக்கு வரும். அதில் செலவு 82 போனால் கையில் நிற்பது 5 ரிங்கிட். லாபம் 15 என்று நோட்டில் இருக்கும். அதில் 10 ரிங்கிட் மூன்று மாதம் கழித்துத்தான் வரும்.

அதே நிறுவனம் நூற்றுக்கு 20 ரிங்கிட் பிடித்தால் என்ன ஆகும்? வருவது 77 ரிங்கிட், செலவு 82 ரிங்கிட். ஒவ்வொரு 100 ரிங்கிட் விற்பனைக்கும் அவர் தம் கையிலிருந்து 5 ரிங்கிட் போட வேண்டும். விற்பனை இரண்டு மடங்கு ஆனால், கையிலிருந்து போட வேண்டியதும் இரண்டு மடங்கு ஆகும். லாபத்தோடு விற்கிறோம், ஆனால் விற்க விற்கப் பணம் குறைகிறது என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

எனவே ஒப்பந்தத்தைப் பார்த்தவுடன் செய்ய வேண்டிய முதல் கணக்கு இதுதான். உங்கள் லாபம் நூற்றுக்கு எவ்வளவு, பிடித்தம் நூற்றுக்கு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிடித்தம் லாபத்தைவிடக் குறைவாக இருந்தால் வியாபாரம் தன்னைத் தானே சுமக்கும், மெதுவாகத்தான் என்றாலும். பிடித்தம் லாபத்தைவிட அதிகமாக இருந்தால், முதல் மூன்று மாதத்திற்கு வேண்டிய பணம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

தீபாவளி மாதத்தில் நடப்பது

இப்போது அதே சகோதரியின் பருவத்தை எடுத்துக்கொள்வோம். தீபாவளி நவம்பர் இரண்டாம் வாரத் தொடக்கத்தில் வருகிறது. ஆகஸ்டில் அவர் விற்றது 4,000 ரிங்கிட். செப்டம்பரில் 8,000. அக்டோபரில் 20,000. நவம்பர் முதல் வாரத்தில் 3,000. மொத்தம் 35,000 ரிங்கிட். நூற்றுக்கு 15 என்ற கணக்கில் லாபம் 5,250 ரிங்கிட்.

பிடித்தம் எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். ஆகஸ்டில் 400, செப்டம்பரில் 800, அக்டோபரில் 2,000. அக்டோபர் இறுதியில் 3,200 ரிங்கிட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆகஸ்ட் பிடித்தம் அப்போதுதான் திரும்பத் தொடங்குகிறது. நவம்பர் முழுவதும் அந்த 400 ரிங்கிட் சிறுகச் சிறுக வரும். செப்டம்பரின் 800 ரிங்கிட் டிசம்பரில் வரும். பெரிய தொகையான அக்டோபரின் 2,000 ரிங்கிட் ஏறக்குறைய ஜனவரி முழுவதும் பரவி வரும். நவம்பரின் 300 பிப்ரவரி முதல் வாரத்தில்தான் முடியும்.

மொத்தப் பிடித்தம் 3,500 ரிங்கிட். லாபம் 5,250. தீபாவளி முடிந்து எல்லா விற்பனைப் பணமும் வந்த பிறகு பார்த்தால், வந்த ஆகஸ்ட் பங்கைத் தவிர, லாபத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இன்னும் நிறுவனத்திடமே இருக்கும். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு டிசம்பரில் இந்த லாபத்தை நம்பியிருந்தால் திண்டாட்டம்தான்.

அதைவிடக் கடுமையான நெருக்கடி அக்டோபருக்கு உள்ளேயே வருகிறது. அக்டோபரின் நான்கு வாரத்தில் விற்பனை 3,000, 4,000, 6,000, 7,000 என்று ஏறுகிறது. செப்டம்பர் கடைசி வாரத்தில் 2,000 ரிங்கிட் விற்றிருந்தார். ஒவ்வொரு வாரமும் அவர் செலவு செய்வது அந்த வார விற்பனைக்கு. ஆனால் அவருக்கு வருவது முந்திய வார விற்பனையின் பணம், அதுவும் நூற்றுக்கு 87 மட்டும்.

முதல் வாரத்தில் செலவு 2,460, வரவு 1,740. பற்றாக்குறை 720 ரிங்கிட். இரண்டாம் வாரத்தில் செலவு 3,280, வரவு 2,610. பற்றாக்குறை 670. மூன்றாம் வாரத்தில் செலவு 4,920, வரவு 3,480. பற்றாக்குறை 1,440. நான்காம் வாரத்தில் செலவு 5,740, வரவு 5,220. பற்றாக்குறை 520. நான்கையும் கூட்டினால் 3,350 ரிங்கிட்.

இந்த 3,350 ரிங்கிட் அக்டோபர் முதல் தேதி அவர் கையில் இருக்க வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் பெரிய வரவான 6,090 ரிங்கிட் வந்ததும் நிலைமை சரியாகிவிடும். ஆனால் கையில் 2,000 ரிங்கிட்தான் இருந்தது என்றால், மூன்றாம் வாரத்தின் நடுவிலேயே பணம் தீர்ந்துவிடும். ஆர்டர் குவிந்து கிடக்கும், எண்ணெய் வாங்கப் பணம் இருக்காது. அனுப்பத் தாமதமாகும். தாமதமானால் வாடிக்கையாளர் புகார் செய்வார். புகார் வந்தால் நிறுவனம் மேலும் பணத்தை நிறுத்தும். ஒன்றிலிருந்து ஒன்று இப்படித்தான் கிளம்புகிறது.

இதே கணக்கை நீங்கள் போடுவது எப்படி?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாரத்திற்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் அந்த வாரம் எதிர்பார்க்கும் விற்பனை. இரண்டாவதில் அந்த வாரம் கையை விட்டுப் போகும் செலவு. மூன்றாவதில் அந்த வாரம் வங்கிக்கு உண்மையாக வரும் பணம். நான்காவதில் முந்திய வார இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்து வரும் இருப்பு. நான்காவது கட்டம் எந்த வாரத்தில் பூச்சியத்திற்குக் கீழே போகிறதோ, அந்த வாரம்தான் உங்கள் ஆபத்து வாரம். அது எவ்வளவு கீழே போகிறதோ, அவ்வளவு பணம் முன்னதாகத் தேவை.

இதில் பலர் சறுக்கும் இடம் மூன்றாவது கட்டம். விற்ற வாரத்திலேயே வரவு வந்ததாக எழுதிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் 'ஒரு வாரம்' என்று இருந்தாலும், வாரத்திற்கு ஒரு முறைதான் பணம் அனுப்புவார்கள் என்றால் சில விற்பனைக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். பொது விடுமுறை நாளில் வங்கிக்குப் பணம் போகாமல் தள்ளிப்போகவும் கூடும். தெரியாவிட்டால் ஒரு வாரம் கூடுதலாகவே வைத்து எழுதுங்கள்.

பருவம் இல்லாமல் மாதாமாதம் ஒரே அளவில் விற்பவருக்கு இன்னும் எளிய வழி உண்டு. பத்து விழுக்காடு, 90 நாள் என்றால் எப்போதும் மூன்று மாத விற்பனையின் பத்தில் ஒரு பங்கு பூட்டியிருக்கும். மாதம் 5,000 ரிங்கிட் விற்பவருக்கு 1,500 ரிங்கிட். நான்காவது மாதத்திலிருந்து உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாகிவிடும், அதன் பிறகு நெருக்கடி தெரியாது. முதல் மூன்று மாதம் தாக்குப்பிடிப்பதே முக்கியம்.

கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க

கையில் 2,000 ரிங்கிட் மட்டுமே வைத்திருக்கும் நம் சகோதரி என்ன செய்யலாம்? முதல் வழி, எல்லா விற்பனையையும் அட்டையில் வாங்காமல் இருப்பது. தெரிந்த வாடிக்கையாளரும் பக்கத்து ஊர்க்காரரும் டூயிட்நவ் கியூஆர் வழியாகவோ நேரடி வங்கிப் பரிமாற்றம் வழியாகவோ பணம் கட்டலாம். இப்படி வரும் பணத்துக்கு அட்டையைப் போன்ற சார்ஜ்பேக் முறை இல்லை, பெரும்பாலும் அதே நாளோ மறுநாளோ கைக்கு வந்துவிடும். எப்பிஎக்ஸ் வழியும் உண்டு. ஆனால் அது கட்டணச் சேவை நிறுவனம் வழியாக வந்தால், எத்தனை நாளில் அனுப்புவார்கள், அதற்கும் பிடித்தம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் தலா 1,500 ரிங்கிட் விற்பனை கியூஆரில் வந்ததாக வைத்துக் கணக்கை மறுபடி போடுவோம். மூன்றாம் வாரத்தில் முந்திய வாரத்தின் 3,480 ரிங்கிட்டும் இந்த 1,500 ரிங்கிட்டும் சேர்ந்து 4,980 வருகிறது. செலவு 4,920. பற்றாக்குறையே இல்லை. நான்காம் வாரத்தில் அட்டையில் விற்ற 4,500 ரிங்கிட்டுக்கு வருவது 3,915. அதோடு கியூஆரின் 1,500 சேர்ந்தால் 5,415. செலவு 5,740. பற்றாக்குறை 325 மட்டுமே. மாதம் முழுவதற்கும் கூட்டினால் தேவைப்படுவது 3,350 அல்ல, 1,655 ரிங்கிட். அதே விற்பனை, கையில் இருக்கும் 2,000 ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

இரண்டாவது வழி, பணம் வாங்கும் நாளைப் பொருள் அனுப்பும் நாளுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. செப்டம்பரிலேயே ஆர்டரைப் பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் இணைப்பை, பலகாரம் பொரிக்கும் வாரத்தில் அனுப்புங்கள். பணம் வந்த ஓரிரு நாளில் பெட்டி கூரியருக்குப் போகட்டும். கூரியர் கண்காணிப்பு எண்ணை அன்றே நிறுவனத்தின் பக்கத்தில் பதியுங்கள். பொருள் போய்ச் சேர்ந்தது என்று கூரியர் பதிவு காட்டினால், பேபால் போன்ற நிறுவனங்கள் நிறுத்தி வைத்த பணத்தை முன்னதாகவே விடுவிப்பதும் உண்டு.

மூன்றாவது, பருவம் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. வாரம் 1,000 ரிங்கிட் விற்ற கணக்கில் திடீரென்று 7,000 வந்தால், அதைக் கவனிக்கும் கணினிக்குத் தீபாவளி தெரியாது. எங்கோ தவறு நடக்கிறது என்று கணக்கை நிறுத்திவிடும். ஆகவே ஒரு மாதத்திற்கு முன்பே மின்னஞ்சல் எழுதுங்கள். இந்த மாதம் ஏறக்குறைய இவ்வளவு விற்பனை எதிர்பார்க்கிறேன், காரணம் தீபாவளி, பொருள் வாங்கிய ரசீது இது என்று சொல்லுங்கள். அவர்கள் பதில் போடாவிட்டாலும், பின்னால் விசாரணை வந்தால் அந்தக் கடிதம் கைகொடுக்கும்.

நான்காவது, எதுவும் போதாவிட்டால் ஆர்டரை அளவோடு நிறுத்துவது. உங்கள் இருப்பு எந்த வாரத்தில் பூச்சியத்தைத் தொடுகிறதோ அந்த அளவோடு வலைத்தளத்தில் 'முடிந்துவிட்டது' என்று போட்டுவிடுங்கள். கிடைக்காத வாடிக்கையாளர் அடுத்த வருடம் முன்னதாக வருவார். பணம் கட்டிப் பலகாரம் கிடைக்காதவர் வரமாட்டார்.

கணக்கு திறக்கும் முன் கேட்க வேண்டியவை

எத்தனை நாளில், வாரத்தில் எந்த நாளில் பணம் அனுப்புவீர்கள்? முதல் தொகைக்கு மட்டும் கூடுதல் நாள் உண்டா? பிடித்தம் நூற்றுக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு? எத்தனை மாதம் கழித்து அதை மறுபரிசீலனை செய்வீர்கள்? கணக்கை மூடினால் பிடித்தத்தை எப்போது தருவீர்கள்? இந்த ஐந்து கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வி மிகவும் முக்கியம். கணக்கை மூடியவுடன் பிடித்தப் பணம் வந்துவிடும் என்று நினைப்பவர் பலர். புகார் காலம் முடியாததால், மூடிய பிறகும் 180 நாள் வரை அது நிற்கலாம்.

ஆவணத்தையும் ஒரே பெயரில் வைத்திருங்கள். எஸ்எஸ்எம் பதிவில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் கணவர் பெயர், வலைத்தளத்தில் வேறொரு பெயர் என்று இருந்தால், பணம் நிற்க வேறு காரணமே வேண்டாம். திருப்பித் தரும் விதிமுறை, அனுப்ப ஆகும் நாள், தொடர்பு எண் ஆகியவற்றை வலைத்தளத்தில் தெளிவாகப் போட்டிருப்பவரிடம் கேள்வியும் குறைவாக இருக்கும்.

மூன்று, நான்கு மாதம் புகார் இல்லாமல் நடத்திவிட்டால், பிடித்தத்தைக் குறைக்கும்படி நீங்களே எழுதிக் கேளுங்கள். இத்தனை ஆர்டர், இத்தனை புகார், அனுப்ப ஆன சராசரி நாள் இவ்வளவு என்று எண்களோடு கேட்டால் எடுபடும். குறைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் கேட்காதவருக்குப் பழைய விகிதமே தொடர்ந்துகொண்டிருக்கும்.

திரும்ப வந்ததா என்று பார்ப்பது

பிடித்தம் சிறுசிறு தொகையாக, மற்ற வரவோடு கலந்து வருவதால், வந்ததா இல்லையா என்றே பலருக்குத் தெரிவதில்லை. மாத அறிக்கையை இறக்கி, அந்த மாதம் பிடித்தது எவ்வளவு, மூன்று மாதத்திற்கு முன் பிடித்ததில் விடுவித்தது எவ்வளவு என்று நோட்டில் ஒப்பிடுங்கள். ஆகஸ்டில் 400 பிடித்திருந்தால், நவம்பர் அறிக்கையில் ஏறக்குறைய 400 விடுபட்டிருக்க வேண்டும். வரவில்லை என்றால் தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால், நிறுவனம் மலேசியாவில் வணிகருக்குப் பணம் பெற்றுத்தரும் சேவைக்காக பேங்க் நெகாராவில் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். அந்தப் பட்டியல் பேங்க் நெகாரா வலைத்தளத்தில் இருக்கிறது. விவரம் கேட்க 1-300-88-5465 என்ற எண்ணையும் அழைக்கலாம். கணக்கைத் திறக்கும் முன்பே இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

கடன் வாங்கும் முன்

ஜனவரியில் பணம் வரத்தான் போகிறது, அதுவரை யாரிடமாவது வாங்கிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். இங்கேதான் வட்டி முதலைகள் காத்திருக்கிறார்கள். 3,000 ரிங்கிட்டை மாதம் பத்து விழுக்காடு வட்டிக்கு வாங்கி மூன்று மாதம் வைத்திருந்தால், வட்டி மட்டும் 900 ரிங்கிட். பிடித்து வைத்திருந்த பணம் ஒரு காசு வட்டியும் இல்லாமல் வரும். நீங்கள் மட்டும் 900 கட்டுவீர்கள். பருவம் முழுவதும் உழைத்த 5,250 ரிங்கிட் லாபத்தில் ஆறில் ஒரு பங்கு இப்படிப் போய்விடும். பதிவு பெற்ற கடன் கொடுப்பவர் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. மாதக் கணக்கில் வட்டி சொல்பவரிடம் அதை நினைவில் வையுங்கள்.

இந்தியச் சமூகத்தின் சிறுதொழில் செய்வோருக்காகத் தெக்குன் வழங்கும் ஸ்புமி கடன் திட்டம் இருக்கிறது. ஆனால் எந்தக் கடனுக்கும் விண்ணப்பம், ஆவணம், ஒப்புதல் என்று நாளாகும். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பணம் தேவை என்பது உங்கள் நோட்டில் ஜூன் மாதமே தெரிந்துவிட்டால், ஜூனிலேயே விண்ணப்பிக்கலாம். அல்லது அதற்குள் வாரம் 200 ரிங்கிட் ஒதுக்கி வைத்தால், 17 வாரத்தில் 3,400 ரிங்கிட் சேர்ந்துவிடும். அக்டோபருக்குத் தேவையான 3,350 ரிங்கிட் யாரிடமும் கைநீட்டாமல் அதிலேயே அடங்கும்.